லாரி வாடகை இரண்டு முறை ஏறிய பில்லும் அதற்கு எழுத வேண்டிய கடிதமும்

"ஐயா, தஞ்சாவூர் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கோயம்புத்தூர் பைப் கம்பெனி ஒன்றில் எட்டு வருடமாகச் சரக்கு எடுக்கிறேன். இந்தத் தடவை பில்லில் லாரி வாடகை ரெண்டு தடவை சேர்ந்திருக்கு. ஃபோனில் சொன்னால் 'பார்க்கிறோம் சார்' என்கிறார்கள், பத்து நாளாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். சண்டை போட விருப்பமில்லை, பணத்தை விடவும் மனசில்லை. கடிதமாக எழுதினால் எப்படி எழுதுவது? பில் நகல் இணைத்திருக்கிறேன்."

பில்லைப் பார்த்தேன். உங்கள் சந்தேகம் சரிதான். ஆனால் நீங்கள் ஃபோனில் "4,500 ரூபாய் கூட வந்திருக்கு" என்று சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கூட வந்தது 4,500 இல்லை, 5,310. முதலில் அதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் கடிதத்தில் தவறான தொகையைக் கேட்டுவிட்டால் அவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

பைப்பும் ஃபிட்டிங்ஸும் சேர்த்துச் சரக்கின் மதிப்பு 1,50,000. சரக்கு வரிசையிலேயே கடைசி வரியாக "டிரான்ஸ்போர்ட்" என்று 4,500 இருக்கிறது. அதற்குக் கீழே, வரி போடுவதற்கு முன்னால், "ஃப்ரெய்ட் அண்டு ஃபார்வர்டிங்" என்று இன்னொரு 4,500. ஆக 1,59,000-க்கு 18 சதவீதம் வரி போட்டு, 28,620 சேர்த்து, 1,87,620 என்று பில் முடிகிறது. வாடகை ஒரு முறை மட்டும் இருந்திருந்தால் 1,54,500, அதற்கு வரி 27,810, மொத்தம் 1,82,310. வித்தியாசம் 5,310. இதில் 4,500 வாடகை, 810 அந்த வாடகைக்கு ஏறிய வரி. சரக்கை விற்பவரே வண்டி வைத்து அனுப்பி வாடகையைத் தன் பில்லில் சேர்த்தால், அதுவும் சரக்கின் மதிப்போடு சேர்ந்து சரக்குக்கு உள்ள வரி விகிதத்திலேயே வரி போடப்படும். அதனால் வாடகை தவறு என்றால் அதன் மேல் ஏறிய வரியும் தவறு.

இது எப்படி நடந்திருக்கும் என்பதும் பில்லிலேயே தெரிகிறது. பில்லின் அடியில் எச்எஸ்என் வாரியாக ஒரு சின்ன வரிப் பட்டியல் இருக்கிறதே, அதை யாரும் படிப்பதில்லை. அதில் 9965 என்ற எண்ணுக்கு நேராக 4,500 இருக்கிறது. அது போக்குவரத்துச் சேவைக்கான எண். 3917 என்பது பிளாஸ்டிக் பைப், ஃபிட்டிங்ஸுக்கான எண். அதற்கு நேராக 1,50,000 இருக்க வேண்டும், ஆனால் 1,54,500 இருக்கிறது. அதாவது ஒரு வாடகை தனி அயிட்டமாகவும், இன்னொரு வாடகை சரக்கின் மதிப்புக்குள் பிரித்துச் சேர்க்கப்பட்டும் போயிருக்கிறது. கணக்கு மென்பொருளில் வாடகையை இரண்டு விதமாகவும் போடலாம்: சரக்கைப் போல ஒரு அயிட்டமாக, அல்லது அடியில் ஒரு லெட்ஜராக. பில் போடும் தம்பி பழைய பில்லைக் காப்பி எடுத்து மாற்றியிருப்பார். பழைய பில்லில் ஒரு விதமாக இருந்தது, அவர் பழகியது இன்னொரு விதம். நான் பார்த்த இரட்டை வாடகைப் பில்களில் பெரும்பாலானவை இப்படித்தான் வந்தன. வேண்டுமென்று செய்த ஏமாற்றாக எனக்குத் தோன்றவில்லை. கடிதத்தின் தொனியையும் அதற்கேற்ப வையுங்கள்.

எழுதுவதற்கு முன் ஒரே ஒரு வேலை பாக்கி. அந்த இரண்டு வரிகளும் உண்மையிலேயே ஒரே வண்டிக்கான வாடகைதானா என்று பாருங்கள்.

இதில் நான் சூடுபட்டவன். பல வருடத்துக்கு முன் ஒரு கடைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, பில்லில் இரண்டு வாடகை இருப்பதைப் பார்த்துவிட்டு, "ஒரே வாடகையை இருமுறை வசூலித்து எங்களை ஏமாற்றியிருக்கிறீர்கள்" என்று சூடாக ஒரு கடிதம் தயார்செய்து முதலாளியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன். மறுநாள் பதில் வந்தது. ஒன்று லாரி வாடகை, இன்னொன்று லாரி ஷெட்டிலிருந்து கடைக்கு வந்த குட்டியானை வாடகை. இரண்டும் தற்செயலாக ஒரே தொகை. எங்கள் ஆள்தான் "ஷெட்டுக்கு வர முடியாது, கடைக்கே அனுப்புங்கள்" என்று ஃபோனில் சொல்லியிருக்கிறார். முதலாளி என்னை ஒன்றும் திட்டவில்லை, மன்னிப்புக் கடிதத்தையும் என்னையே எழுதச் சொன்னார்.

எனவே லாரி ரசீதை எடுங்கள். அதில் பெய்டு, டு பே, டிபிபி என்று மூன்றில் ஒன்று குறித்திருக்கும். பெய்டு என்றால் அனுப்பியவர் வாடகையைக் கட்டிவிட்டார்; டிபிபி என்றால் லாரிக்காரர் பின்னால் அவருக்குப் பில் போடுவார். இந்த இரண்டில் எதுவானாலும் உங்கள் பில்லில் ஒரு வாடகை வருவது நியாயம். டு பே என்று இருந்து, சரக்கு இறக்கும்போது உங்கள் கடையில் ரொக்கமாக வாடகை கொடுத்திருந்தால் கதையே வேறு: அப்போது பில்லில் ஒரு வாடகைகூட இருக்கக்கூடாது, நீங்கள் கேட்க வேண்டியது 10,620. நீங்கள் அனுப்பிய நகலில் ரசீது எண் இருக்கிறது, இந்தக் குறி இல்லை. கடையில் அன்று யார் சரக்கு இறக்கினார்களோ அவர்களிடம் கேளுங்கள். கல்லாவிலிருந்து வண்டிக்காரருக்கு ஏதாவது கொடுத்தார்களா, கொடுத்தால் அது வாடகையா, இறக்குக் கூலியா என்று கேட்டுவிடுங்கள். கூடவே, ஆர்டர் கொடுத்தபோது வாட்ஸ்அப்பில் வந்த விலைப்பட்டியலையும் பாருங்கள். "டெலிவரி உட்பட" என்று விலை சொல்லியிருந்தால் அப்போதும் ஒரு வாடகையும் வரக்கூடாது.

ரசீது பெய்டு, விலை கோயம்புத்தூர் கிடங்கு விலை, வாடகை ஒரு முறை 4,500 என்று பேச்சு. அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு கடிதத்தை எழுதுகிறேன்.

> அனுப்புநர்: (கடையின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண்)
>
> பெறுநர்: கணக்குப் பிரிவு, (கம்பெனியின் பெயர், முகவரி)
>
> பார்வைக்கு: உரிமையாளர் அவர்கள்
>
> பொருள்: பில் எண் ___, தேதி ___ – லாரி வாடகை இருமுறை சேர்ந்துள்ளது – ரூ.5,310-க்கு கிரெடிட் நோட் கேட்பது தொடர்பாக.
>
> அன்புடையீர், வணக்கம்.
>
> மேற்படி பில்லுக்கான சரக்கு ___ தேதி எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தது. எண்ணிக்கையிலும் தரத்திலும் குறை ஏதும் இல்லை.
>
> பில் தொகையில் மட்டும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. சரக்குப் பட்டியலின் கடைசி வரியில் "டிரான்ஸ்போர்ட்" என்று ரூ.4,500-ம், அதன் கீழே "ஃப்ரெய்ட் அண்டு ஃபார்வர்டிங்" என்று மீண்டும் ரூ.4,500-ம் சேர்ந்துள்ளது. சரக்கு ஒரே வண்டியில், ஒரே லாரி ரசீதில் (எண் ___) வந்தது. ___ தேதி தாங்கள் அனுப்பிய விலை விவரத்தின்படியும் வாடகை ஒருமுறை ரூ.4,500 மட்டுமே.
>
> பில்லின்படி: வரிக்கு முன் ரூ.1,59,000, வரி ரூ.28,620, மொத்தம் ரூ.1,87,620.
>
> இருக்க வேண்டியது: வரிக்கு முன் ரூ.1,54,500; வரி ரூ.27,810, மொத்தம் ரூ.1,82,310.
>
> கூடுதல்: வாடகை ரூ.4,500 + வரி ரூ.810 = ரூ.5,310.
>
> இந்த ரூ.5,310-க்கு, மேற்படி பில் எண்ணைக் குறிப்பிட்டு, வரியுடன் கூடிய கிரெடிட் நோட் ஒன்றை இந்த மாத முடிவுக்குள் அனுப்பி, இந்த மாதத்துக்கான தங்கள் ஜிஎஸ்டி கணக்கிலும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.
>
> மறுப்பு இல்லாத தொகையான ரூ.1,82,310-ஐ தவணைத் தேதியான ___ அன்று வழக்கம்போல் தங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுகிறோம். மேற்கண்ட ரூ.5,310 மட்டும் கிரெடிட் நோட் வரும்வரை நிலுவையில் இருக்கும்.
>
> வாடகை இரண்டும் வெவ்வேறு செலவுக்கானவை என்றால், அதற்கான ரசீது நகலை அனுப்பினால் பார்த்துக்கொள்கிறோம்.
>
> இணைப்பு: பில் நகல் (இரு வரிகளும் குறிக்கப்பட்டது), லாரி ரசீது நகல், விலை விவரத்தின் நகல்.
>
> இப்படிக்கு,
>
> (கையெழுத்து, கடை முத்திரை, தேதி)

ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். நீங்கள் உங்கள் வார்த்தையில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் சில இடங்களில் கை வைக்காதீர்கள்.

சரக்கில் குறை இல்லை என்ற வரி தேவையில்லாத மரியாதை மாதிரி தெரியும். அதை விட்டுவிட்டால் இவர்கள் சரக்கையே தட்டிக்கழிக்கப் பார்க்கிறார்களோ, பணத்தை இழுத்தடிக்க ஒரு சாக்கோ என்று எதிரில் நினைப்பார்கள். பிரச்சினை தொகையில் மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பேச்சு வேறு திசையில் போகாது.

"வரியுடன் கூடிய கிரெடிட் நோட்" என்பதுதான் இந்தக் கடிதத்தின் உயிர். பில்லைக் கிழித்துவிட்டு வேறு பில் போட்டுத் தாருங்கள் என்று கேட்கத் தோன்றும். உங்களிடம் உள்ள பில்லின் மூலையில் கியூஆர் குறியும் நீளமான ஐஆர்என் எண்ணும் இருக்கின்றன, அதாவது அது இ-இன்வாய்ஸ். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய கம்பெனிகள் இதைப் போட்டாக வேண்டும். அதை ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். நீங்கள் முதல் முறை ஃபோன் செய்தபோதே அது கடந்திருக்கும். அதற்கப்புறம் தொகையைக் குறைக்கச் சட்டம் வைத்திருக்கும் வழி கிரெடிட் நோட்தான். "புது பில் போட்டுத் தாங்க" என்று கேட்டால் அவர்கள் "சிஸ்டத்தில் முடியாது சார்" என்பார்கள், அது பொய்யும் இல்லை. அவர்கள் பத்து நாள் இழுத்ததற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

இந்த மாத முடிவு என்று நாள் குறித்ததற்கும் காரணம் உண்டு. மாதாமாதம் கணக்குக் காட்டும் கம்பெனி, தன் விற்பனைக் கணக்கான GSTR-1-ஐ அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போட வேண்டும். பில்லும் கிரெடிட் நோட்டும் ஒரே மாதக் கணக்கில் போய்விட்டால் உங்கள் கொள்முதல் வரி வரவைக் காட்டும் GSTR-2B-யில் இரண்டும் ஒன்றாக வந்து, 27,810 மட்டும் வரவாக நிற்கும். தாமதமானாலும் வழி அடைபடாது. அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்டலாம். அதைக் கடிதத்தில் எழுதாதீர்கள், எழுதினால் நவம்பர் வரை ஆறப்போடுவார்கள்.

பணத்தைப் பற்றிய பத்தியில்தான் பலர் தவறு செய்கிறார்கள். "கணக்கு சரியாகும்வரை ஒரு பைசா தரமாட்டேன்" என்று முழு பில்லையும் நிறுத்திவைப்பது. ஐயாயிரத்துச் சொச்சத்துக்கு ஒன்றே முக்கால் லட்சத்தைப் பிடித்துவைத்தால் நியாயம் எதிர்ப்பக்கம் போய்விடும். அதோடு உங்கள் சப்ளையர் உற்பத்தியாளர். அவர்கள் குறு அல்லது சிறு தொழிலாக உத்யம் பதிவு வைத்திருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதன்படி, அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. உங்கள் தவணை வாய்ப்பேச்சா, எழுத்தா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு என்றால் சட்டத்தின் கண்ணில் 15 நாள்தான். மறுப்பில்லாத தொகையை நாள் தவறாமல் அனுப்பிவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அனுப்பும்போது வங்கிக் குறிப்பில் பில் எண்ணைப் போடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் அதைப் பொதுவாக வரவு வைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து எந்த பில்லுக்கு எவ்வளவு பாக்கி என்று இன்னொரு பஞ்சாயத்து வரும்.

கடைசியில் "இரண்டும் வெவ்வேறு செலவு என்றால்" என்று ஒரு வரி வைத்தேனே, அது என் குட்டியானைக் கடிதத்தின் பாடம். உங்கள் பக்கம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதை எடுக்காதீர்கள். அவர்களிடம் இன்னொரு ரசீது இருந்தால் வெளியே வரும். இல்லையென்றால் அந்த வரிக்குப் பதில் சொல்ல முடியாமல் கிரெடிட் நோட்டைத்தான் அனுப்ப வேண்டும்.

அனுப்பும் விதம்: கம்பெனியின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, அதே பிடிஎஃப்பை உங்களிடம் வழக்கமாகப் பேசுகிறவரின் வாட்ஸ்அப்புக்கும் போடுங்கள். இந்தத் தொகைக்கு முதலிலேயே ஸ்பீட் போஸ்ட் அனுப்பினால் வக்கீல் நோட்டீஸ் வந்த மாதிரி பதறுவார்கள். இரண்டு வாரம் பதிலே இல்லையென்றால் அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம்.

இனி அவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்று பார்ப்போம். "அடுத்த பில்லில் லெஸ் பண்ணிக்கலாம் அண்ணே" என்பதுதான் அதிகம் வருவது. எட்டு வருடப் பழக்கத்தில் இதை மறுப்பது சங்கடம், எனக்குத் தெரியும். எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்காது, ஏனென்றால் இந்த பில் உங்கள் கணக்கில் திறந்தே கிடக்கும், அடுத்த பில்லில் குறைத்தது எதற்கென்று ஆடிட்டர் கேட்கும்போது யாருக்கும் நினைவிருக்காது. ஆனாலும் ஒத்துக்கொள்வதாக இருந்தால் எங்கே குறைக்கிறார்கள் என்று பாருங்கள். வரி போடுவதற்கு முன்னால் 4,500 குறைத்தால் வரியும் தானாக 810 குறையும், கணக்கு நேராகிவிடும். எல்லாம் கூட்டி முடித்த பிறகு அடியில் 4,500 கழித்தால் அந்த 810 கையை விட்டுப் போகிறது.

இன்னொரு பதில், "வரி இல்லாமல் 4,500-க்கு மட்டும் கிரெடிட் நோட் தருகிறோம்." வரியைத் திருத்தும் வேலை அவர்களுக்கு மிச்சம், அதனால் இப்படிச் சொல்வார்கள். அப்போது நீங்கள் 1,83,120 கட்ட வேண்டும். வரி வரவு 28,620 முழுதாக உங்களிடம் இருக்கும். கூடக் கட்டிய 810 வரி வரவாகத் திரும்பி வருகிறது, ஆகவே உங்களுக்கு நஷ்டமில்லை. சண்டை வேண்டாம் என்றால் இதற்கு ஒத்துக்கொள்வதில் தவறில்லை. கடிதத்தில் கேட்டது 5,310, முடித்தது 4,500 என்பதை மட்டும் ஒரு வரி மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும், நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் வரி வரவே கிடையாது. அப்போது 810 உண்மையான நஷ்டம், விடவேண்டாம். உங்கள் ஜிஎஸ்டி பதிவு எந்த வகை என்று நீங்கள் சொல்லவில்லை.

ஜிஎஸ்டி தளத்தில் இப்போது Invoice Management System என்று ஒரு பக்கம் இருக்கிறது, 2024 அக்டோபரிலிருந்து. அதில் ஒவ்வொரு பில்லுக்கும் Accept, Reject, Pending என்று இருக்கும். கோபத்தில் இந்த பில்லுக்கு Reject அழுத்திவிடாதீர்கள். அது 810 ரூபாயை மட்டும் தள்ளாது, 28,620-ஐயும் உங்கள் வரவிலிருந்து தூக்கிவிடும். பில்லை ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு கிரெடிட் நோட் அதே பக்கத்தில் வந்து நிற்கும், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதை ஏற்றதும் 810 உங்கள் வரவிலிருந்து குறையும். "ஏன் குறைந்தது?" என்று ஒரு கடைக்காரர் என்னிடம் ஓடிவந்தார், அவருக்குப் பணமாக அந்த 810 ஏற்கெனவே மிச்சமாகியிருந்தது.

உங்கள் புத்தகத்தில் இன்றைக்கே 5,310-க்கு ஒரு டெபிட் நோட் போட்டு வைத்துக்கொள்ளலாம், பாக்கி எவ்வளவு என்பது உங்களுக்குத் தெளிவாக இருக்கும். ஆனால் அது உங்கள் வீட்டுக் குறிப்பு மாதிரிதான். வரியைக் குறைக்கும் சக்தி அதற்குக் கிடையாது, விற்றவர் தரும் கிரெடிட் நோட்டுக்குத்தான் உண்டு. சில கம்பெனிகள் "நீங்களே டெபிட் நோட் போட்டு அனுப்பிடுங்க சார், நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்" என்பார்கள். அனுப்புங்கள், அதில் கெடுதல் இல்லை, ஆனால் கிரெடிட் நோட் எண் வரும்வரை விஷயம் முடிந்ததாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

கிரெடிட் நோட் வந்ததும் மூன்று இடத்தைப் பாருங்கள்: இந்த பில்லின் எண் அதில் இருக்கிறதா, 4,500-க்கு சிஜிஎஸ்டி 405, எஸ்ஜிஎஸ்டி 405 என்று பிரிந்திருக்கிறதா, உங்கள் ஜிஎஸ்டி எண் சரியா. அப்படியே அவர்களின் அடுத்த பில் வரும்போது அடியில் உள்ள எச்எஸ்என் பட்டியலையும் ஒரு கண் பாருங்கள். காப்பி எடுத்துப் போடும் தம்பி, இந்தத் தவறான பில்லையே காப்பி எடுக்க வாய்ப்பிருக்கிறது.

லாரி ரசீதில் என்ன குறி இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். டு பே என்றால் தொகையை மாற்றி எழுத வேண்டும்.